ஃபிரிட்ஜும் பம்பும் தொடங்கும் அந்த அரை நொடி: மின்கம்பி வராத கடைக்கு இன்வெர்ட்டர் அளவைத் தீர்மானிப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்வாரியக் கம்பி எட்டாத மலையூர்களில், சூரியத் தகடும் பேட்டரியும் மட்டுமே கொண்டு கடை நடத்துபவர்களுக்கு மின் அமைப்புகளைப் பொருத்தித் தருவது என் தொழில். விளக்கும் மின்விசிறியும் இருக்கும்வரை யாரும் என்னைத் திரும்ப அழைப்பதில்லை. ஒரு ஃபிரிட்ஜோ தண்ணீர் பம்போ கடைக்குள் வந்த பிறகுதான் சந்தேகங்கள் தொடங்குகின்றன. அவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்களாக இருப்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை வரிசைப்படுத்திப் பதில் எழுதியிருக்கிறேன். கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே கடையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதன் விவரம் முதல் பதிலில் இருக்கிறது.

1. எங்க கடைச் சாமான் வாட் எல்லாத்தையும் கூட்டினா 1150 தான் வருது. 2 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் தாராளமாப் போதும்தானே?

ஓடிக்கொண்டிருக்கும்போது போதும், தொடங்கும்போது போதாது. இந்தக் கேள்வியைக் கேட்டவர் தேநீரும் மளிகையும் விற்பவர். அவர் கடையில் ஐந்து எல்.இ.டி. விளக்குகள் 50 வாட், இரண்டு மின்விசிறிகள் 150 வாட், எடைத் தராசும் கைப்பேசி சார்ஜர்களும் 20 வாட், பாலுக்கும் தயிருக்கும் ஒரு 190 லிட்டர் ஃபிரிட்ஜ் 100 வாட், குளிர்பானத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்ட 300 லிட்டர் ஃபிரிட்ஜ் 230 வாட், கீழ்த்தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை எச்.பி. பம்பு 600 வாட். கூட்டினால் அவர் சொன்ன 1150 சரியாக வருகிறது.

ஆனால் இன்வெர்ட்டர் தர வேண்டியது வாட்டை மட்டும் அல்ல. மோட்டார்கள் தாங்கள் வேலையாக மாற்றும் திறனைவிட அதிகமான மின்னோட்டத்தை இழுக்கின்றன. அந்த மின்னோட்டத்தை வோல்ட்டால் பெருக்கினால் வருவதுதான் வி.ஏ. அவருடைய பம்பு 600 வாட் என்றாலும் 3.6 ஆம்பியர் இழுக்கிறது. 230 வோல்ட்டால் பெருக்கினால் 828 வி.ஏ. சிறிய ஃபிரிட்ஜ் 0.8 ஆம்பியர், அதாவது 184 வி.ஏ. கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் 1.6 ஆம்பியர், 368 வி.ஏ. விளக்கு, விசிறி, சில்லறைச் சாமான்கள் சேர்ந்து 250 வி.ஏ. எல்லாம் ஒன்றாக ஓடினால் 1630 வி.ஏ. இதுவும் 2000க்குள்தான் இருக்கிறது. எனவேதான் விற்றவர் தயங்காமல் 2 கே.வி.ஏ. கொடுத்துவிட்டார். பம்பு சுவிட்சைப் போட்ட முதல் நாளே இன்வெர்ட்டர் ஓவர்லோடு காட்டி அணைந்தது.

2. ஓடுறப்போ 3.6 ஆம்பியர்தான்னா, ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் ஏன் அவ்வளவு இழுக்குது?

சுழலும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. வெளியிலிருந்து வரும் 230 வோல்ட்டை அது பெருமளவு எதிர்த்து நிற்பதால், உள்ளே பாயும் மின்னோட்டம் மட்டுப்படுகிறது. நின்றிருக்கும் மோட்டாரில் இந்த எதிர்ப்பு கிடையாது. சுருளின் கம்பியும் அதன் காந்தத் தன்மையும் மட்டுமே தடுப்பு. அதனால் சுவிட்சைப் போட்ட கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு வரை பாய்ந்து, சுழற்சி வேகம் ஏற ஏறக் குறைகிறது.

மின்வாரிய இணைப்புள்ள வீட்டில் இது யாருக்கும் தெரிவதில்லை. விளக்கு ஒரு கணம் மங்குவதோடு சரி. அங்கே பின்னால் நிற்பது ஒரு பெரிய மின்மாற்றி. தனித்து இயங்கும் கடையில் பின்னால் நிற்பது இன்வெர்ட்டருக்குள் உள்ள சில மின்னணுச் சுவிட்சுகளும் இரண்டு பேட்டரிகளும்தான். அந்த அரை நொடியை அவை தாங்க வேண்டும் என்பதே அளவுக் கணக்கின் மையம்.

3. ஃபிரிட்ஜுக்கு இத்தனை மடங்கு, பம்புக்கு இத்தனை மடங்குன்னு ஒரே கணக்காச் சொல்லிடுங்களேன்.

ஒரே எண்ணைச் சொன்னால் அது ஏதாவது ஒரு கடையில் தவறாகிவிடும். சாதாரண, அதாவது வேகம் மாறாத கம்ப்ரசர் உள்ள ஃபிரிட்ஜுக்கு ஆறு முதல் எட்டு மடங்கும், அரை எச்.பி., ஒரு எச்.பி. பம்புகளுக்கு ஐந்து முதல் ஏழு மடங்கும் முதல் மதிப்பீட்டுக்குப் பயன்படும். மடங்கு என்று நான் சொல்வது ஓடும் ஆம்பியரின் மடங்கு. வாட்டின் மடங்கு அல்ல. பலர் வாட்டைப் பெருக்கிவிட்டு, கிடைத்ததை வி.ஏ. என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் 1ஆம் கேள்வியில் பார்த்த வித்தியாசம் அவ்வளவும் கணக்கிலிருந்து நழுவிவிடும்.

மதிப்பீட்டைவிட நம்பகமான ஓர் எண் சாமானிலேயே எழுதப்பட்டிருக்கலாம். ஃபிரிட்ஜின் பின்புறம் கீழே கறுப்புக் குடம்போல் இருக்கும் கம்ப்ரசரின் மேல் ஒட்டிய தாளில் எல்.ஆர்.ஏ. என்ற எழுத்துகளுக்கு எதிரே ஓர் ஆம்பியர் அளவு இருக்கும். மோட்டார் சுழலாமல் பூட்டப்பட்ட நிலையில் இழுக்கும் மின்னோட்டம் அது. நமக்கு வேண்டியதும் அதுவே. கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாளில் இது பெரும்பாலும் இருக்காது. பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

4. மீட்டர் வச்சுக் கடையிலேயே அளந்து பார்க்க முடியாதா?

முடியும், ஆனால் சரியான மீட்டர் வேண்டும். கம்பியைக் கவ்விப் பிடிக்கும் சாதாரண கிளாம்ப் மீட்டர் ஒரு நொடிக்கு இரண்டு, மூன்று முறைதான் தன் எண்ணைப் புதுப்பிக்கிறது. நல்ல மின்னழுத்தத்தில் ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் அரை நொடிக்குள் வேகம் பிடித்துவிடும். மீட்டர் கண் திறப்பதற்குள் நிகழ்வு முடிந்துவிடுகிறது. அதிகபட்ச அளவைப் பிடித்து வைக்கும் பொத்தான் இருந்தாலும், அந்தப் பொத்தான் மெதுவாக மாதிரி எடுக்கும் அதே எண்களில் பெரியதைத்தான் காட்டும். இன்ரஷ் என்ற தனி வசதி உள்ள கிளாம்ப் மீட்டர் மின்னோட்டம் எழும் கணத்திலேயே அளக்கத் தொடங்குவதால் அதை நம்பலாம்.

எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். திணறும் இன்வெர்ட்டரில் மாட்டிய நிலையில் அளந்தால், மோட்டார் கேட்டது தெரியாது. இன்வெர்ட்டர் கொடுக்க முடிந்தது மட்டும்தான் தெரியும். ஆகவே சாமான் வாங்கும் இடத்தில், மின்வாரிய இணைப்பிலேயே அளந்துவிட வேண்டும். நம் கடைக்காரரின் மூன்று மோட்டார்களையும் அடிவாரத்தில் ஓர் உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய் அளந்தோம். சிறிய ஃபிரிட்ஜ் 5.5 ஆம்பியர், கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் 11 ஆம்பியர், பம்பு 20 ஆம்பியர். ஒவ்வொன்றையும் மூன்று முறை தொடங்கி, பெரிய எண்ணை எடுத்துக்கொண்டோம். சுவிட்ச் போடும் கணம் மின் அலையின் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் எண் சற்று மாறும்.

5. இப்ப அளவு தெரிஞ்சுபோச்சு. எல்லாத்தையும் வச்சுக் கணக்கு எப்படிப் போடணும்?

எல்லா மோட்டார்களின் தொடக்கத்தையும் கூட்ட வேண்டியதில்லை. பெரிய தொடக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த நேரத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கக்கூடிய மற்ற அனைத்தின் ஓடும் வி.ஏ.வை அதனுடன் சேர்க்க வேண்டும். கடையில் பெரியது பம்பு: 20 ஆம்பியரை 230ஆல் பெருக்கினால் 4600 வி.ஏ. பம்பைத் தவிர மற்றவை எல்லாம் ஓடினால் 802 வி.ஏ. ஆகமொத்தம் ஏறத்தாழ 5400. அவரிடம் இருந்த 2 கே.வி.ஏ. இன்வெர்ட்டரின் கணநேரத் தாங்குதிறன் இருமடங்கு, அதாவது 4000. அணைந்ததற்கு இதுவே காரணம். கருவியில் பழுது இல்லை.

இப்போது பம்பைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். அடுத்த பெரிய தொடக்கம் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ்: 11 ஆம்பியர், 2530 வி.ஏ. அப்போது சிறிய ஃபிரிட்ஜும் விளக்கு விசிறிகளும் ஓடினால் இன்னும் 434. மொத்தம் 2964. அதே 2 கே.வி.ஏ. கருவி இதை நிதானமாகத் தாங்கும். வெறும் 600 வாட் உள்ள ஒரு பம்பு, அதுவும் நாளில் அரைமணி நேரம் மட்டுமே ஓடுவது, கடையின் இன்வெர்ட்டரை 3 கே.வி.ஏ.வுக்குத் தள்ளுகிறது. இன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பெரிய தொடக்கத்தைக் குறைக்கவோ விலக்கவோ முடியுமா என்பதுதான்.

நுணுக்கம் அறிந்தவர்கள் ஒன்றைச் சொல்வார்கள்: வி.ஏ. எண்களை நேராகக் கூட்டினால் உண்மையைவிடச் சற்று அதிகமாக வரும். சரிதான். எனினும் அந்த அதிகத்தை நான் கழிப்பதில்லை. வெயில் காலத்தில் சூடேறிய கருவிக்கும் வயதான பேட்டரிக்கும் அது ஈடாகிவிடுகிறது.

6. ரெண்டுமே 3 கே.வி.ஏ.ன்னு போட்டிருக்கு. ஒண்ணை ஒரு கையால தூக்கலாம், இன்னொண்ணைத் தூக்க ரெண்டு பேர் வேணும். எதை வாங்கலாம்?

கனமானதற்குள் இரும்பு உள்ளகமும் செம்புச் சுருளும் கொண்ட மின்மாற்றி இருக்கிறது. இலேசானது அதிவேகமாகத் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்சுகளையும் சிறிய மின்மாற்றியையும் வைத்தே வேலையை முடித்துவிடுகிறது. தொடர்ந்து கொடுக்கும் திறன் இரண்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் கணநேரச் சுமையில் இருக்கிறது. கனமான வகை பொதுவாக மூன்று மடங்கு வரை சில நொடிகள் தாங்கும். இலேசான வகை பெரும்பாலும் இரண்டு மடங்கு, அதுவும் குறைந்த நேரத்துக்கு.

மடங்கைக் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை நொடி என்று கேளுங்கள். இருமடங்கு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, நேரத்தை மில்லி நொடியில் குறித்திருக்கும் கருவிகள் உண்டு. பம்பு வேகம் பிடிக்க அரை நொடி முதல் ஒரு நொடி வரை ஆகும் என்பதால், அந்த இருமடங்கு நமக்குப் பயன்படாது. ஒரு நொடிக்குக் குறையாத தாங்குதிறன் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் அளவுகோல். 5400 வி.ஏ. தேவைப்படும் நம் கடைக்கு, பம்பை வைத்துக்கொள்வதானால், மின்மாற்றி உள்ள 2 கே.வி.ஏ.வும் 6000 வரை போகும். இலேசான வகையில் 3 கே.வி.ஏ. வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரை இரண்டு வகையிலும் தவிர்த்துவிடுங்கள். அதில் மோட்டார் இரையும், சூடேறும், ஆயுள் குறையும்.

7. இவ்வளவு கணக்கு எதுக்கு? பேசாம 5 கே.வி.ஏ. வாங்கிப் போட்டுட்டா நிம்மதிதானே?

கம்பி இணைப்புள்ள இடத்தில் நிம்மதிதான். தகடும் பேட்டரியும் மட்டுமே உள்ள இடத்தில் பெரிய இன்வெர்ட்டருக்கு ஒரு தினசரி வாடகை இருக்கிறது. எந்தச் சாமானும் ஓடாதபோதும் இன்வெர்ட்டர் தன்னை விழிப்பில் வைத்திருக்க மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. மின்மாற்றி உள்ள 5 கே.வி.ஏ. கருவி 80 வாட் எடுக்கிறது, 2 கே.வி.ஏ. 35 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரத்தில் முன்னது 1.9 யூனிட், பின்னது 0.8 யூனிட். ஃபிரிட்ஜ் இருப்பதால் இரவிலும் அணைக்க முடியாது.

நாளொன்றுக்கு வீணாகும் அந்த 1.1 யூனிட், நம் கடைக்காரரின் சிறிய ஃபிரிட்ஜை நாள் முழுக்க ஓட்டப் போதுமானது. அதை ஈடுகட்டவே ஏறத்தாழ 300 வாட் தகடு தனியாக வேண்டும். மழைக்காலத்தில் மூன்று நாள் மேகம் மூடினால் இந்த வாடகை பேட்டரியிலிருந்துதான் போகும். விற்பனைத் தாளில் சுமையற்ற நிலை நுகர்வு என்று ஓர் எண் இருக்கும். வாங்குமுன் அதைப் பாருங்கள்.

8. இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகலை. ஆனா ஃபிரிட்ஜ் பின்னாடி டக்னு ஒரு சத்தம், கொஞ்ச நேரம் உம்முனு இரைச்சல், மறுபடி டக். உள்ளே ஜில்லுனே இல்லை. என்ன பிரச்சினை?

கம்ப்ரசர் சுழலத் தொடங்க முடியாமல் நிற்கிறது. முதல் டக் சத்தத்தில் மின்சாரம் சேர்கிறது. இரைச்சல் என்பது சுழலாத மோட்டார். இரண்டாவது டக், கம்ப்ரசர் சூடேறியதால் அதன் காப்பு உறுப்பு இணைப்பைத் துண்டிப்பது. அது ஆறியதும் இதே சுற்று மறுபடி நடக்கும். இப்படியே பல நாள் விட்டால் கம்ப்ரசர் சுருள் எரிந்துவிடும். இன்வெர்ட்டர் அணைந்து போவதைவிட இது ஆபத்தானது. ஏனெனில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது.

காரணம் பெரும்பாலும் இதுதான்: தாங்க முடியாத சுமை வரும்போது சில இன்வெர்ட்டர்கள் உடனே அணையாமல் மின்னழுத்தத்தைக் குறைத்துச் சமாளிக்கின்றன. மோட்டாரின் முறுக்கு விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப மாறுகிறது. 230 வோல்ட் 184ஆக, அதாவது ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால், முறுக்கு விசை 64 விழுக்காடாகிவிடுகிறது. உள்ளே வாயு அழுத்தத்தை எதிர்த்துச் சுழல வேண்டிய கம்ப்ரசருக்கு அது போதாது. அரை நொடியில் முடிய வேண்டிய தொடக்கம் முடியாமலே நீள்கிறது. ஃபிரிட்ஜ் தொடங்கும்போது கடையின் பிளக்கில் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று மீட்டரில் பாருங்கள். கம்ப்ரசர் இரைந்துகொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளும் மின்னழுத்தம் தாழ்ந்தே இருந்தால், சாதாரண மீட்டரே காட்டிக்கொடுத்துவிடும். வோல்ட் 220க்கு மேல் நிலையாக இருந்தும் இதே சத்தம் வந்தால், கோளாறு இன்வெர்ட்டரில் இல்லை. கம்ப்ரசரின் ரிலேயையும் கெப்பாசிட்டரையும் ஃபிரிட்ஜ் மெக்கானிக் பார்க்க வேண்டும்.

9. தனித்தனியா எல்லாம் நல்லா ஓடுது. இன்வெர்ட்டரை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா மட்டும் ஓவர்லோடு காட்டுது. ஏன்?

5ஆம் பதிலில் ஒரே நேரத்தில் ஒரு மோட்டார்தான் தொடங்கும் என்று எடுத்துக்கொண்டோம். அன்றாட ஓட்டத்தில் அது பெரும்பாலும் உண்மை. இரண்டு ஃபிரிட்ஜ்களின் தெர்மோஸ்டாட்டும் ஒரே நொடியில் இணைவது அரிது. ஆனால் இன்வெர்ட்டர் அணைந்து மறுபடி இயங்கத் தொடங்கும்போது, குளிர் தேவைப்படும் இரண்டு பெட்டிகளும் சேர்ந்தே எழுகின்றன. பெரியது 2530, சிறியது 1265, விளக்கு விசிறி 250: மொத்தம் 4045. தாங்குதிறன் 4000. இரண்டாவது முயற்சி இன்னும் கடினமானது. நின்ற கம்ப்ரசருக்குள் வாயு அழுத்தம் சமன்படச் சில நிமிடங்கள் ஆகும், தொடக்க ரிலேயும் ஆற வேண்டும். உடனே திரும்பப் போட்டால் 8ஆம் கேள்வியில் உள்ள டக் சத்தம்தான் கேட்கும்.

தீர்வு மலிவானது. ஃபிரிட்ஜ் பிளக்குக்கு முன்னால் வைக்கும் தாமதக் கருவி, மின்சாரம் வந்து குறிப்பிட்ட நிமிடங்கள் கழித்தே இணைப்பைக் கொடுக்கும். சிறியதற்கு மூன்று நிமிடம், பெரியதற்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் இரண்டும் மோதாது. ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர்கள் பலவற்றில் தாமதம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் இரண்டிலும் ஒரே தாமதம் இருந்தால் இரண்டும் மறுபடி ஒன்றாகவே எழும் என்பதைக் கவனியுங்கள். ஒரு கடையில் நானே இந்தத் தவற்றைச் செய்து, இருமுறை மலையேறிப் போய்த்தான் கண்டுபிடித்தேன்.

10. ஓவர்லோடுன்னு வரலை, லோ பேட்டரின்னு காட்டி நின்னுடுது. பேட்டரி ஃபுல்லா இருக்கே?

நிறைந்த பேட்டரியாக இருந்தாலும், பெரிய மின்னோட்டம் எடுக்கும் அந்தக் கணத்தில் அதன் மின்னழுத்தம் இறங்குகிறது. இன்வெர்ட்டர் பார்ப்பது தன் முனையில் உள்ள வோல்ட்டை மட்டுமே. 24 வோல்ட் அமைப்பில் அது 21க்குக் கீழே போனால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று முடிவுசெய்து அணைத்துவிடும்.

ஒரு கடையில் பேட்டரிகளைப் பின்னறையில் வைத்து, 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை ஐந்து மீட்டர் இழுத்திருந்தார்கள். போகவும் வரவுமாகப் பத்து மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 17 மில்லி ஓம். பம்பு தொடங்கும்போது பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 150 ஆம்பியர் போகிறது, கம்பியிலேயே 2.6 வோல்ட் தொலைந்துவிடுகிறது. பேட்டரிக்குள் இன்னொரு ஒன்றரை முதல் இரண்டரை வோல்ட். 24.6இல் தொடங்கியது 20 அருகே வந்து நின்றது. பேட்டரியை இன்வெர்ட்டர் பக்கத்தில் கொண்டுவந்து, 35 சதுர மில்லிமீட்டர் கம்பியை ஒன்றரை மீட்டரில் முடித்ததும், கம்பி இழப்பு கால் வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. பேட்டரி மாற்ற வேண்டியிருக்கவில்லை. உங்கள் கடையில் எது காரணம் என்று அறிய, பம்பு தொடங்கும்போது பேட்டரி முனையில் ஒரு மீட்டரும் இன்வெர்ட்டர் முனையில் ஒரு மீட்டரும் பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் கம்பியும் முனை இணைப்புகளும் காரணம். இரண்டுமே சேர்ந்து விழுந்தால் பேட்டரி.

12 வோல்ட் அமைப்பில் இதே வேலைக்கு இருமடங்கு ஆம்பியர் போகும். அதனால்தான் மோட்டார் உள்ள கடைக்கு 12 வோல்ட்டை நான் பரிந்துரைப்பதில்லை.

11. லித்தியம் பேட்டரி போட்டா இந்த வம்பே இல்லைங்கிறாங்களே?

வோல்ட் அவ்வளவாக விழாது என்பது உண்மை. ஆனால் லித்தியம் பேட்டரிக்குள் ஒரு காவல் சுற்று இருக்கிறது. அதன் எல்லை 100 ஆம்பியர் என்றால், முந்தைய பதிலில் பார்த்த 150 ஆம்பியருக்கு அது பேட்டரியையே துண்டித்துவிடக்கூடும். அப்போது கடை முழுவதும் இருட்டாகிவிடும். தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர், கணநேரத்துக்கு எத்தனை ஆம்பியர், அது எத்தனை நொடி என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

12. இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ்னு ஒண்ணு விக்கிறாங்களே, அதை வாங்கினாத் தீர்ந்துடுமா?

அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை பெருமளவு தீரும். அதன் கம்ப்ரசர் குறைந்த வேகத்தில் எழுந்து மெல்ல வேகம் கூடுவதால், தொடக்கத்தில் பெரிய எழுச்சி இல்லை. நம் கடையில் சிறிய ஃபிரிட்ஜை மட்டும் அப்படி மாற்றியிருந்தால், 9ஆம் கேள்வியின் 4045 ஏறத்தாழ 2960ஆகக் குறைந்திருக்கும்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும் என்று ஒட்டியிருப்பது வேறு; கம்ப்ரசரே வேகம் மாறும் வகை என்பது வேறு. நமக்குப் பயன்படுவது இரண்டாவது. பனி தானே கரையும் வகையாக இருந்தால், கரைப்பதற்கு ஒரு சூடேற்றி உள்ளே இருக்கும். அது இயங்கும்போது 150 முதல் 250 வாட் வரை இழுக்கும். அது எழுச்சி அல்ல, சில நிமிடங்கள் நீளும் சாதாரணச் சுமை. ஓடும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

13. பம்புக்கும் அதுமாதிரி மெதுவா ஸ்டார்ட் பண்ண ஏதாவது மாட்டலாமா? இல்ல, ஃபிரிட்ஜை நிறுத்திட்டுப் பம்பு போட்டாப் போதுமா?

ஃபிரிட்ஜை நிறுத்துவது உதவும். ஆனால் எவ்வளவு உதவும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் அல்லது பம்பு, இரண்டில் ஒன்றுதான் என்று மாற்றுச் சுவிட்ச் வைத்தால், பம்பு தொடங்கும்போது 4600உடன் 434 சேர்ந்து 5034. 4000 தாங்கும் கருவிக்கு அது இன்னமும் அதிகம்.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுகிறது. தண்ணீர் பம்புக்குத் தொடக்கத்தில் பெரிய விசை தேவையில்லாததால் அது பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்; கம்ப்ரசருக்கு மாட்டக் கூடாது என்பதற்கான காரணம் 8ஆம் பதிலில் உள்ளது. தொடங்கிய பின் தானே விலகும் உட்சுவிட்சும் தொடக்கக் கெப்பாசிட்டரும் கொண்ட பம்பானால், வேகம் தாமதமாக ஏறுவதால் தொடக்கச் சுருள் அதிக நேரம் மின்சாரத்தில் இருந்து கருகக்கூடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் இன்னும் நல்லது. ஆனால் அது மூன்று பேஸ் மோட்டாருக்கானது, இருக்கும் ஒற்றை பேஸ் பம்பை அப்படியே அதில் மாட்ட முடியாது.

நம் கடைக்காரர் வேறு வழியை எடுத்தார். பழைய பம்பை விற்றுவிட்டு, தகட்டிலிருந்தே நேராக ஓடும் ஒரு சிறிய டி.சி. பம்பை அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வாங்கினார். காலை எட்டரைக்கு மேல் வெயில் ஏற ஏற அது தானாக மெல்லச் சுழலத் தொடங்கும். நண்பகலுக்குள் மாடித் தொட்டி நிறைந்து, மிதவை அதை நிறுத்திவிடும். மேகமூட்டமான நாளுக்காகத் தொட்டியை இரண்டு நாள் தேவைக்குப் பெரிதாக்கினோம். பம்பு இன்வெர்ட்டரை விட்டு வெளியேறிவிட்டதால், தாமதக் கருவிகள் இரண்டோடு அதே பழைய 2 கே.வி.ஏ.வே இன்றும் ஓடுகிறது. ஆழ்துளைக் கிணற்றில் ஒரு எச்.பி. நீர்மூழ்கிப் பம்பு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இன்னும் பொருந்தும். அதன் தொடக்கம் 7000 வி.ஏ.வையும் தாண்டிவிடும்.

14. ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லாம ஓடின அதே பம்பு, அதே இன்வெர்ட்டர். இப்ப ஒருமாசமா மட்டும் ட்ரிப் ஆகுது. இன்வெர்ட்டர் பலம் குறைஞ்சுபோச்சா?

இன்வெர்ட்டரை மாற்றுவதற்கு முன் பம்பின் கெப்பாசிட்டரைப் பாருங்கள். கடைகளில் கண்டென்சர் என்று கேட்டால்தான் தருவார்கள். அதன் மேல் எத்தனை மைக்ரோ ஃபாரட் என்று அச்சிட்டிருக்கும். கழற்றும்முன் மின்சாரத்தைத் துண்டித்து, அதில் தேங்கிய மின்னூட்டத்தை ஒரு மின்தடை வழியாக வடிய விடுங்கள். மீட்டரில் அளக்கும்போது அச்சிட்ட அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம். கெப்பாசிட்டர் நலிந்தால் தொடக்க விசை குறைகிறது, வேகம் பிடிக்க நேரம் நீள்கிறது. அரை நொடி தாங்கிய இன்வெர்ட்டர் மூன்று நொடியைத் தாங்குவதில்லை.

கெப்பாசிட்டர் சரியாக இருந்தால், மின்சாரம் துண்டித்த நிலையிலேயே மோட்டாரின் பின்பக்கக் காற்றாடியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்ற வேண்டும். சில வாரங்கள் ஓடாமல் கிடந்த பம்பில் உட்சக்கரம் உப்புப் படிந்து பிடித்துக்கொண்டிருக்கும். பேரிங் தேய்ந்திருந்தால் கரகரவென்று உராயும். இரண்டும் இல்லையென்றால்தான் 10ஆம் கேள்வியில் சொன்ன இரண்டு மீட்டர் சோதனைக்குப் போங்கள். அந்தப் பதிலில் சொன்ன முனை இணைப்புகளையும் அப்போது கையோடு பார்த்துவிடுங்கள்: பேட்டரி முனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவிய பிறகு மறுபடி பம்பைப் போட்டுப் பாருங்கள்.